விலைப் பட்டியலில் இல்லாத சட்னி: ஒரு டிபன் கடையின் ஃபுட் காஸ்ட் கணக்கு

ஈரோட்டில் அக்காவும் மாமாவும் நடத்துவது சின்ன டிபன் கடை. காலையில் 6 மணி முதல் 11 மணி வரை, மாலையில் 6 மணி முதல் 10 மணி வரை திறந்திருக்கும். இட்லி, தோசை, பொங்கல், பூரி, வடை, இவ்வளவுதான் பட்டியல். வியாபாரம் நன்றாக நடக்கிறது, கல்லாவிலும் பணம் விழுகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது மாமாவின் கவலை. நான் சில வருடம் ஒரு ஓட்டலில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் என்பதால் கணக்கைப் பார்க்கச் சொன்னார். சரக்கு எங்கே போகிறது என்று தேடியதையும், அதற்குப் பிறகு மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு வாரத்துக்கு உண்மையில் எவ்வளவு சரக்கு செலவானது என்று பார்ப்பது. ஞாயிறு இரவு கடை மூடியதும் எல்லாச் சரக்கையும் எடை போட்டு விலை போட்டோம். அரிசி மூட்டை, உளுந்து, எண்ணெய் டின், தேங்காய், பொட்டுக்கடலை மட்டுமல்ல, அண்டாவில் புளித்துக்கொண்டிருந்த மாவையும் சேர்த்துக்கொண்டோம். பலர் மாவை விட்டுவிடுவார்கள். 20 கிலோ மாவு இருந்தால் அது ஐந்நூறு ரூபாய்ச் சரக்கு. ஒரு வாரம் எண்ணி, அடுத்த வாரம் எண்ணாமல் விட்டால் சதவீதம் தானாக ஆட்டம் காட்டும்.

ஆரம்ப இருப்பு 18,400 ரூபாய். அந்த வாரம் வாங்கியது 39,650 ரூபாய். அடுத்த ஞாயிறு இரவு மிச்சம் 16,250 ரூபாய். ஆக, செலவான சரக்கு 41,800 ரூபாய். அதில் ஐந்து வேலையாட்கள் சாப்பிட்டதற்கு 2,100 ரூபாய் கழித்தேன். அது செலவுதான், ஆனால் சம்பளத்தோடு சேர வேண்டியது. வாடிக்கையாளருக்காகப் போன சரக்கு 39,700 ரூபாய். வார விற்பனை 84,000 ரூபாய். விற்பனையில் சரக்குச் செலவின் பங்கு, அதாவது ஃபுட் காஸ்ட், 47.3 சதவீதம். ஜி.எஸ்.டி. சேர்த்து பில் போடும் கடை என்றால் வரியைக் கழித்த தொகையைத்தான் விற்பனையாக எடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டர், இலை, பார்சல் பொருட்கள் எதுவும் இதில் இல்லை.

47 என்பது அதிகமா குறைவா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 30-க்குள் இருக்க வேண்டும், 35-க்குள் இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். இட்லியைப் பத்து ரூபாய்க்கு விற்கும் கடைக்கு அந்த எண்கள் பொருந்தாது. எதுவும் சிந்தாமல் சிதறாமல், சொன்ன அளவிலேயே பரிமாறியிருந்தால் இந்த விற்பனைக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும்? அதுதான் தெரிய வேண்டியது. அதற்கு ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவோடு விலை போட வேண்டும்.

மாவில் தொடங்கினேன். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. அன்றைய விலைக்கு 315 ரூபாய். எங்கள் கிரைண்டரில் இது 12 கிலோ மாவாக வந்தது. கிலோவுக்கு 26 ரூபாய் சொச்சம். இட்லிக்கு 60 கிராம் மாவு, அதாவது 1 ரூபாய் 60 காசு. தோசைக்கு 110 கிராம், 2 ரூபாய் 90 காசு, எண்ணெய் ஒரு ரூபாய் 20 காசு.

அடுத்து தேங்காய்ச் சட்னி. ஒரு காயில் சராசரியாக 250 கிராம் பருப்பு கிடைத்தது. அதோடு 100 கிராம் பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு, தாளிப்பு சேர்த்துத் தண்ணீர் விட்டு அரைத்தால் 900 கிராம் சட்னி. காய் 35 ரூபாய், பொட்டுக்கடலை 11, மற்றவை 4, ஆக 50 ரூபாய். 60 கிராம் சட்னிக்கு 3 ரூபாய் 30 காசு. தக்காளிச் சட்னி 40 கிராம் 1 ரூபாய் 80 காசு. சாம்பார் லிட்டருக்கு 25 ரூபாய் வந்தது, 150 மில்லிக்கு 3 ரூபாய் 75 காசு.

தட்டில் வைக்கும் தொடுகறி மட்டும் 8 ரூபாய் 85 காசு. இரண்டு இட்லியின் மாவு 3 ரூபாய் 20 காசுதான். 20 ரூபாய்க்கு விற்கும் அந்தத் தட்டில் 12 ரூபாய் சரக்கு போகிறது, அதில் முக்கால் பங்கு விலைப் பட்டியலில் பெயரே இல்லாத பண்டங்கள். மூன்று இட்லி வாங்குபவருக்கும் அதே சட்னி, அதே சாம்பார் என்பதால் அவர் தட்டில் 45 சதவீதம் ஆகிறது. இரண்டு இட்லியோடு எழுபவருக்கு 60 சதவீதம். அவர் இன்னொரு முறை முழு அளவு சட்னியும் சாம்பாரும் வாங்கினால் சரக்கு மட்டுமே 20 ரூபாயைத் தாண்டிவிடும்.

அன்றாடம் சராசரியாக விற்றது 240 இட்லி, 90 சாதா தோசை, 20 பொடி தோசை, 40 பொங்கல், 120 வடை, 40 பூரி செட். ஒவ்வொன்றுக்கும் இப்படி விலை போட்டுக் கூட்டினால் நாளைக்கு 4,750 ரூபாய், வாரத்துக்கு 33,250 ரூபாய் வர வேண்டும். அதாவது 39.6 சதவீதம். உண்மையில் போனது 39,700. நடுவில் காணாமல் போவது வாரத்துக்கு 6,450 ரூபாய்.

"மாவுலதான் போகுது. தோசைக் கரண்டியப் பாரு, எவ்வளவு பெருசா ஊத்தறான்" என்றார் மாமா. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. தோசை மாஸ்டர் ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் மாவுப் பாத்திரத்தை டிஜிட்டல் தராசில் வைத்து எடுத்தேன். ஒரு தோசைக்கு சராசரி 135 கிராம் போனது. 25 கிராம் அதிகம். ஆனால் 110 தோசைக்கு அது நாளைக்கு 2.75 கிலோ மாவு, 72 ரூபாய். வாரத்துக்கு 500 ரூபாய்தான். தேடும் 6,450-இல் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு எதிரே நடப்பதால் அது பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே.

பிறகு மூன்று வாளி வைத்தோம். ஒன்று காய் நறுக்கும் இடத்தில், ஒன்று எச்சில் தட்டு கழுவும் இடத்தில், மூன்றாவது கடை மூடும்போது மிஞ்சியதைக் கொட்ட. தினமும் மூன்றையும் எடை போட்டு, என்ன இருக்கிறது என்றும் பார்த்து எழுதினோம். தட்டு வாளியில் இட்லித் துண்டோ தோசைத் துண்டோ அபூர்வம். அதில் இருந்தது சாம்பாரும் சட்னியும், நாளைக்கு 5 கிலோவுக்கு மேல். மூன்றாவது வாளியில் இரண்டு வேளையும் சேர்த்து 2.5 கிலோ தேங்காய்ச் சட்னி.

அங்கிருந்து கணக்கு எளிதாகிவிட்டது. சட்னி போகும் தட்டுகளும் பொட்டலங்களும் சேர்த்து நாளைக்கு 230. ஒவ்வொன்றுக்கும் 60 கிராம் என்றால் 13.8 கிலோ போதும், அதற்கு 15 அல்லது 16 தேங்காய். கடையில் தினமும் உடைத்தது 24 காய், அரைத்தது 22 கிலோ. ஆக 8.2 கிலோ கூடுதல். நாளைக்கு 450 ரூபாய், வாரத்துக்கு 3,150 ரூபாய். காணாமல் போன பணத்தில் பாதி இந்த ஒரே பாத்திரத்தில். சாம்பாரையும் அதே மாதிரி பார்த்தோம். 34.5 லிட்டர் போதுமான இடத்தில் 45 லிட்டர் வைத்தார்கள், அதில் வாரத்துக்கு 1,840 ரூபாய். மாவின் 500-ஐயும் சேர்த்தால் மீதி 960 ரூபாய்தான் இனம் தெரியாதது.

அந்த 8.2 கிலோ எங்கே போகிறது என்பதுதான் நான் எதிர்பார்க்காத விஷயம். சப்ளையர்கள் அள்ளி ஊற்றுகிறார்கள், அதுதான் முழுக் காரணம் என்று நினைத்திருந்தேன். மேசைக்குப் போகும் சட்னி வாளியையும் பார்சல் மேசையில் இருக்கும் பாத்திரத்தையும் தனித்தனியாக எடை போட்ட பிறகு வேறு மாதிரி தெரிந்தது. மேசையில் சாப்பிடுபவர் 155 பேர். இரண்டாம் முறை கேட்பவர்களையும் சேர்த்து ஆளுக்கு 73 கிராம்தான் போகிறது. மொத்தத்தில் கூடுதல் 2 கிலோ. பார்சல் 75. அதில் ஒவ்வொன்றிலும் 110 கிராம். அங்கே மட்டும் 3.75 கிலோ கூடுதல். மிச்சம் மூடும்போது கொட்டும் 2.5 கிலோ.

பார்சலில் அள்ளிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தவர் பத்தவில்லை என்றால் கேட்டுக்கொள்வார். பார்சல் வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் குறை சொல்வார் என்ற பயத்தில் கட்டுபவர் முன்கூட்டியே இரண்டு மடங்கு போடுகிறார். மிஞ்சுவது வாடிக்கையாளர் வீட்டுக் குப்பையில் விழுவதால் நம் வாளி எதிலும் அது தெரியாது. மூன்று வாளி வைத்து எடை போடும் கடைகளும் இதைத் தவறவிட இதுதான் காரணம். சமைத்த எடையை விற்ற எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் கரண்டியை மாற்றினோம். பழைய குழிக்கரண்டி 140 மில்லி பிடிக்கும். அதில் பாதி ஊற்று என்று யாருக்குச் சொன்னாலும் பரபரப்பான நேரத்தில் பாதி என்பது ஆளுக்கு ஒரு அளவாகிவிடும். பாத்திரக் கடைக்கு அளவுக் குவளையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தளும்ப 50 மில்லி பிடிக்கும் கரண்டிகளை வாங்கினேன். 60 கிராம் வேண்டும் என்றால் 60 மில்லிக் கரண்டி வாங்கக் கூடாது. கெட்டிச் சட்னி கரண்டிக்கு மேல் குவிந்து நிற்கும், 60 மில்லிக் கரண்டியில் 75 கிராம் வந்துவிடும். எந்தச் சட்னியோ அதையே அள்ளி எடை பார்த்துத்தான் கரண்டியை முடிவு செய்ய வேண்டும். சாம்பார் நீர்த்து இருப்பதால் 150 மில்லிக் கரண்டி சரியாகவே அளந்தது.

தோசை மாவுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நன்றாகப் புளித்துப் பொங்கிய மாவில் காற்று இருக்கும், அதே கரண்டியில் எடை குறையும். கலக்கி அடங்கிய மாவில் எடை கூடும். காலையில் அளந்த கரண்டி மாலையில் வேறு எடை காட்டுவது இதனால்தான். அதனால் மாவைக் கலக்கிய பிறகு 110 கிராம் வரும் கரண்டியை எடுத்து, ஊற்றுவதற்கு முன் எப்போதும் ஒருமுறை கலக்கிக்கொள்ளச் சொன்னோம். தோசை மாஸ்டர் இதை உடனே ஒப்புக்கொண்டார். கல்லில் தோசையின் வட்டம் ஒரே அளவாக வந்ததும் அவருக்கே வேலை சுலபமாகிவிட்டது.

சட்னியில் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. அடுக்களையைப் பார்த்துக்கொள்ளும் பெரிய மாஸ்டர் வருத்தப்பட்டார். "சட்னி கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாதுங்க தம்பி. நம்ம கடைக்கு ஆள் வரதே சட்னிக்குத்தான்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அதனால் யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதையே முதல் விதியாக வைத்தோம். கேட்டவருக்கு மறுபடியும் உண்டு, மூன்றாம் முறையும் உண்டு, ஆனால் அதே சின்னக் கரண்டியில். கேட்காதவர் தட்டில் சப்ளையர் தானாகப் போய் ஊற்றுவது மட்டும் நிறுத்தப்பட்டது. முன்பு வாளியோடு வரிசையாக நடந்துகொண்டே எல்லார் தட்டிலும் ஊற்றிக்கொண்டு போவார்கள். தட்டு வாளியில் கிடந்ததில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

பார்சலுக்கு அளவை எழுதி மேசைக்கு மேலே ஒட்டினோம். இரண்டு முதல் நான்கு இட்லி வரை ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி, ஒரு கரண்டி சாம்பார். அதற்கு மேல் இரண்டு இரண்டு. தோசை ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கூடுதலாக வேண்டுமா என்று கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேள்விதான் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. பலர் "வேண்டாங்க, வீட்டுல பொடி இருக்கு" என்றார்கள். சட்னியே வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதால் தூக்கு கொண்டுவருபவர்கள் எங்கள் கடைக்கு ஏற்கெனவே நிறைய. தூக்குதான் அளவு தவறும் இடம். பாத்திரம் பெரிதாக இருந்தால் கை தானாக நிரப்பப் பார்க்கும். அங்கேயும் கரண்டியை எண்ணித்தான் ஊற்ற வேண்டும் என்று அக்காவே பார்சல் மேசையில் நின்று பழக்கினாள்.

மூடும்போது கொட்டுகிற 2.5 கிலோவுக்குக் காரணம் அரைக்கும் முறை. காலை 5 மணிக்கே அந்த வேளைக்கு வேண்டிய முழுச் சட்னியையும் அரைத்துவிடுவார் மாஸ்டர். எட்டு மணிக் கூட்டத்தில் அரைக்க ஆள் கிடையாது என்பது அவர் பக்கத்து நியாயம். தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்தில் சுவை மாறும், காலை மிச்சத்தை மாலைக்கு வைக்க முடியாது. எனவே அரைப்பதை மட்டும் தள்ளிப்போட்டோம். எல்லாத் தேங்காயையும் காலையிலேயே உடைத்துக் கீறி, இரண்டு காய்க்கு உரிய பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், இஞ்சியை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. கடை திறக்கும்போது 5 கிலோ மட்டும் தயாராக இருக்கும். பாத்திரத்தில் பாதிக்குக் கீழே இறங்கியதும் ஒரு டப்பாவை எடுத்து மிக்சியில் போட்டால் சில நிமிடத்தில் 1.8 கிலோ வந்துவிடும். தாளிப்பு காலையிலேயே செய்து வைத்தது. பத்தரை மணிக்குப் பிறகு புது டப்பா திறப்பதில்லை. திறக்காத டப்பா மாலைக்கு அப்படியே உதவுகிறது.

இப்படி அளவைக் கட்டும்போது ஒரு ஆபத்து வரும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்தாமல் போய்விடுமோ என்று சட்னியில் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள். சதவீதம் அழகாக இறங்கும், கடைப் பெயரும் கூடவே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் வைத்துக்கொண்டோம். ஒன்று, தினமும் உடைத்த காய்களின் எண்ணிக்கையையும் வந்த சட்னியின் எடையையும் எழுதுவது. காய்க்கு 900 கிராமைத் தாண்டினால் தண்ணீர் ஏறியிருக்கிறது. மற்றொன்று, இரண்டாம் முறை கேட்பவர்கள் திடீரென்று குறைந்தால் மகிழ்ச்சி அடையாமல் சட்னியைச் சுவைத்துப் பார்ப்பது.

காயின் அளவும் கணக்கைக் கெடுக்கும். எண்ணிக்கையில் வாங்கும்போது சின்னக் காய் வந்தால் பருப்பு 200 கிராம்தான் இருக்கும். அப்போது காய்க்கு 900 கிராம் என்பதே நீர்த்த சட்னி. வாரம் ஒருமுறை பத்துக் காயின் பருப்பை எடை போட்டு அந்தக் கணக்கைத் திருத்துகிறோம். 2025-இல் தேங்காய் விலை ஏறியபோது எத்தனையோ கடைகளில் பொட்டுக்கடலையைக் கூட்டிச் சமாளித்தார்கள். மாமா அதற்கு ஒப்பவில்லை. நான் அவர் பக்கம்தான். சட்னிக்காக வரும் ஆட்களுக்கு முதலில் தெரிவது அந்த மாற்றம்தான்.

சில வாரம் கழித்து மறுபடியும் முழுக் கணக்கு எடுத்தோம். விற்பனை 83,200 ரூபாய். அந்த வாரம் விற்ற பண்டங்களுக்கு ஆகியிருக்க வேண்டியது 32,900 ரூபாய், உண்மையில் ஆனது 35,400 ரூபாய். 42.5 சதவீதம். இடைவெளி 6,450-இலிருந்து 2,500 ரூபாய்க்கு வந்திருந்தது. தேங்காய் நாளைக்கு 17, 18 என்று நிற்கிறது. 15-க்குக் கொண்டுவர நான் முயலவில்லை. மறுபடி கேட்பவர்களுக்குக் கொடுக்கும் சட்னிதான் அந்த இரண்டு காய்.

ஒரு வாரத்துச் சதவீதத்தை இன்னொரு வாரத்தோடு நேராக ஒப்பிடுவதை மாமாவிடம் கைவிடச் சொன்னேன். பொங்கலில் நெய், முந்திரி, சட்னி, சாம்பார் எல்லாம் சேர்ந்து 45 ரூபாயில் 25 ரூபாய் சரக்கு, 56 சதவீதம். பூரியில் 27 சதவீதம். பொங்கல் அதிகம் விற்ற வாரத்தில் ஒரு துளி வீணாகாமலே சதவீதம் ஏறும். அதனால் எப்போதும் அந்த வாரம் ஆகியிருக்க வேண்டிய செலவோடுதான் ஆன செலவை வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவைக் கட்டுவதால் தீராதது விலை. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் 39.6-க்குக் கீழே இந்தப் பட்டியல் பெரிதாகப் போகாது. இட்லியை 12 ரூபாயாக்கலாமா என்று பேச்சு வந்தது. சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் பார்த்தோம். சாதா தோசை ஒன்றில் சரக்கு போக 27 ரூபாய் நிற்கிறது, இரண்டு இட்லித் தட்டில் 8 ரூபாய். ஆனால் இட்லிக்கு வருபவர் வடையும் தோசையும் சேர்த்து வாங்குகிறார். அதனால் இட்லியைத் தொடவில்லை. பொங்கலை 50 ரூபாயாக்கினோம். அளவைக் குறைக்காமல் விலையை ஏற்றியதால் முணுமுணுப்பு குறைவாகவே இருந்தது.

மிச்சம் இருக்கும் 2,500-இல் இப்போது என் சந்தேகம் எண்ணெய் மேல். வடைக்கும் பூரிக்கும் ஒரே சட்டி. சட்டியில் ஊற்றியதையும், இரவு வடிகட்டி எடுத்ததையும், மறுநாள் காலை வேண்டாம் என்று ஒதுக்கியதையும் தனித்தனியாக எடை போட்டு எழுதும் நோட்டை அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஒரு வடை எத்தனை கிராம் எண்ணெய் குடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அங்கே கை வைக்க வேண்டும்.